உடல்நலம் காரணமாக ஆய்விலிருந்து விலகுகிறீர்களா? ஒரு கடிதம் போதாது, இரண்டு வேண்டும்

முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள். நோய் என்ன, எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம், நெறியாளர் எவ்வளவு நல்லவர், பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று எல்லாம் இரண்டு பக்கத்தில் வந்துவிடும். அந்தக் கடிதம் அலுவலகத்துக்கும் உதவாது, நெறியாளருக்கும் உதவாது. பதிவாளருக்குப் போகும் கடிதம் வேறு, நெறியாளருக்கு எழுதும் கடிதம் வேறு. இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: நோயைப் பற்றி எவ்வளவு குறைவாக எழுத முடியுமோ அவ்வளவு குறைவாக எழுதுங்கள். நெறியாளருக்கான கடிதத்தில் நன்றியை எவ்வளவு குறிப்பாக எழுத முடியுமோ அவ்வளவு குறிப்பாக எழுதுங்கள். வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு.

குமரி மாவட்டத்தில் இதைச் சரியாகச் செய்ய இன்னொரு காரணமும் இருக்கிறது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கல்லூரி ஆய்வு மையத்தில் வேலை செய்வீர்கள். பதிவு இருப்பது திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில். வடசேரியில் பஸ் ஏறினால் திருநெல்வேலிக்கு 80 கிலோமீட்டர் சொச்சம். அங்கே இறங்கித் தென்காசி சாலையில் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். உடம்பு முடியாதவருக்கு, ஒரு கையெழுத்து விட்டுப்போனது என்று திருப்பி அனுப்பப்படும் கடிதத்தின் விலை ஒரு முழு நாள்.

எழுதும் முன் ஒரு கேள்வி

விலகுவதா, இடைவெளி எடுப்பதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பதிவு ரத்தானால் பழைய இடத்திலிருந்து தொடர முடியும் என்று நம்பாதீர்கள். யு.ஜி.சி.யின் 2022 நவம்பர் விதிமுறைகளின் கீழ் சேர்ந்தவர்களுக்கு, சேர்ந்த நாளிலிருந்து 6 ஆண்டு வரை அவகாசம் உண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு சேர்த்து, மொத்தம் 10 ஆண்டுவரை போகலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே விலகுகிறவர்கள் உண்டு.

ஆகவே ஆய்வுப் பிரிவில் கேட்க வேண்டியது இதுதான்: மருத்துவ விடுப்பு எடுத்தால் அந்தக் காலம் இந்த ஆண்டுகளுக்குள் கணக்காகுமா, ஆகாதா? பதிலை வாய்மொழியாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். முழுநேரத்திலிருந்து பகுதிநேரத்துக்கு மாறுவது இன்னொரு வழி. ஆனால் வெயிலில் நிற்கவோ ஆய்வுக்கூடத்தில் உட்காரவோ முடியாத நோய் என்றால், பகுதிநேரம் என்ற பெயர் மட்டும்தான் மாறும். எல்லாம் பார்த்த பிறகும் முடியாது என்றால் விலகலே நேர்மையான முடிவு. கடிதத்தில் அந்த ஒரு சொல்தான் வர வேண்டும். “தற்போதைக்கு விலகி, உடல் தேறியதும் தொடர” என்று எழுதினால் இது விடுப்பா விலகலா என்று தெரியாமல் கோப்பு நகராது.

முடிவெடுத்ததும், ஒரு வரி எழுதும் முன், நெறியாளரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். நேரில் முடியாவிட்டால் போனில் சொல்லலாம். வாட்ஸ்அப் செய்தியில் வேண்டாம். கடிதம் அவர் மேசைக்கு வரும்போது அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியாக இருக்க வேண்டும். இதில் மரியாதை மட்டும் இல்லை. அவர் கையெழுத்து இல்லாமல் கடிதம் அடுத்த மேசைக்குப் போகாது. திடுக்கிட்ட மனிதர் உடனே கையெழுத்துப் போடமாட்டார்.

ஒரு மாதிரி நிலைமை

இனி வரும் இரண்டு கடிதங்களுக்கும் ஒரே நிலைமையை எடுத்துக்கொள்வோம். விலங்கியல் மாணவி, முழுநேரம், 2023 ஜனவரியில் சேர்ந்தவர். பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் கழிமுகத்தில் சேற்றில் வாழும் புழுக்களும் சிறு உயிரிகளும் அவரது தலைப்பு. மூன்று இடங்களில் மாதம் ஒருமுறை, இடத்துக்கு மூன்று மாதிரி வீதம் 18 மாதம் எடுப்பது திட்டம். லூபஸ் என்ற நோய் வந்துவிட்டது. வெயில் பட்டால் கூடும் நோய் அது. கழிமுகத்து வேலையோ முழுக்க வெயிலில். இரண்டு மாதம் மாதிரி எடுக்க முடியாமல் போயிற்று. ஆக 16 மாதம், 144 குப்பிகள் கையில் இருக்கின்றன. விலகும் நாள் 2025 அக்டோபர் 31.

முதல் கடிதம்: பதிவாளருக்கு

இது ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. தமிழில் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதுவோர்தான் அதிகம். மொழி எதுவானாலும் உறுப்புகள் இவைதான்.

> அனுப்புநர்: பெயர், முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர், பதிவு எண், விலங்கியல் துறை, கல்லூரியின் பெயர், நாகர்கோவில்.
>
> பெறுநர்: பதிவாளர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அபிஷேகப்பட்டி, திருநெல்வேலி – 627 012.
>
> வழி: நெறியாளர், துறைத்தலைவர், கல்லூரி முதல்வர்.
>
> பொருள்: உடல்நலக் காரணத்தால் முனைவர் பட்டப் பதிவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.
>
> பார்வை: பதிவு ஆணை எண், நாள்.
>
> ஐயா / அம்மா,
>
> மேற்கண்ட ஆணையின்படி 2023 ஜனவரி முதல் முழுநேர ஆய்வாளராகப் பதிவு செய்துள்ளேன். உடல்நலக் காரணத்தால் ஆய்வைத் தொடர இயலாத நிலையில் உள்ளேன். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். 31.10.2025 முதல் என் பதிவை ரத்து செய்து ஆணை வழங்குமாறும், நான் சமர்ப்பித்த அசல் சான்றிதழ்களையும் பாடநெறித் தேர்வு மதிப்பெண் சான்றையும் வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். நிலுவையின்மைச் சான்று இணைத்துள்ளேன்.

அவ்வளவுதான். நோயின் பெயர் இல்லை, நன்றி இல்லை, வருத்தமும் இல்லை. இந்தத் தாள் குறைந்தது நான்கு மேசைகளைக் கடக்கும். ஒவ்வொரு மேசையிலும் யார் யார் படிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நம் ஊரில் நாகர்கோவிலில் சொன்னது குலசேகரத்துக்கு எத்தனை நாளில் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் கடிதம் சிக்குவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்.

முதலாவது மருத்துவச் சான்று. “ஆறு வாரம் ஓய்வு தேவை” என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை விலகல் கடிதத்தோடு இணைத்தால், ஆறு வாரத்துக்கு ஏன் பதிவையே ரத்து செய்ய வேண்டும் என்று அலுவலகம் கேட்கும், கேள்வி நியாயமானதுதான். டாக்டரிடம் கேட்கும்போதே எதற்கு என்று சொல்லிவிடுங்கள். “நீண்டகாலச் சிகிச்சையில் உள்ளார், வெளிக்கள வேலையும் தொடர்ந்த ஆய்வுக்கூட வேலையும் செய்ய உகந்த நிலையில் இல்லை” என்ற பொருளில் இரண்டு வரி போதும். நோயின் பெயரைத் தவிர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கையெழுத்து, முத்திரை, டாக்டரின் பதிவு எண், நாள் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டுகிறவர்களுக்குத் திரும்பப் போவது எளிது. திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுப்பவர் முத்திரை விட்டுப்போனதற்காக மறுபடி களியக்காவிளை தாண்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது தேதி. “உடனடியாக” என்றோ “இம்மாதம் முதல்” என்றோ எழுதாதீர்கள். நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். உதவித்தொகை வாங்குபவருக்கு இது பணத்தைத் தொடும் விஷயம். விலகிய நாளுக்குப் பிறகு கணக்கில் விழுந்த தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். மாதக் கடைசி நாளை விலகும் நாளாக வைத்தால் அரைமாதக் கணக்குப் பார்க்கும் தொல்லை இராது. உதவித்தொகையை மாதாமாதம் உறுதிசெய்யும் கல்லூரி அலுவலருக்கும் அதே நாளைக் குறிப்பிட்டுத் தனியாக ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பதிவாளருக்குப் போன கடிதம் தானாக அவர் பார்வைக்கு வராது.

தேதி தெளிவாக இருப்பது நெறியாளருக்கும் வேண்டும். அதே 2022 விதிமுறைகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப்பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப்பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். நால்வரில் ஒருவர் வராமலும் விலகாமலும் பெயரளவில் நீடித்தால், அந்த இடத்தில் நெறியாளர் இன்னொரு மாணவரை எடுக்க முடியாது. நெறியாளர் மனம் நோகுமே என்று கடிதத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

கையெழுத்து வரிசை: நெறியாளர், துறைத்தலைவர், முதல்வர். நெறியாளர் “பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது” என்று எழுதி நாளிட்டுக் கையெழுத்திட வேண்டும். மூன்றும் முடிந்ததும் முழுக் கட்டையும் நகல் எடுத்து, கொடுக்கும் இடத்தில் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு.

இரண்டாவது கடிதம்: நெறியாளருக்கு

இங்கேதான் பேனா தடுமாறும். நன்றி என்றதும் நமக்குக் கைவருவது மேடைத் தமிழ். “பேராசிரியப் பெருந்தகை”, “தாயினும் சாலப் பரிந்து”, “என் வாழ்வின் கலங்கரை விளக்கம்” என்று அது ஓடும். மூன்று வருடம் “மேடம்” என்று கூப்பிட்டவர், போகும் நாளில் “பெருந்தகை” என்று எழுதினால் படிப்பவருக்கு யாரோ எழுதிக் கொடுத்தது போலிருக்கும். அந்த வரிகளை எந்த மாணவரும் எந்தப் பேராசிரியருக்கும் எழுதலாம் என்பதுதான் அவற்றின் குறை.

ஒரு தாளில் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த நெறியாளர் சொல்லிக் கொடுத்ததால் என் கை இன்று செய்கிற, முன்பு செய்யத் தெரியாத மூன்று வேலைகள் என்ன? அவற்றில் இரண்டை எழுதினால் போதும். மூன்றாவது எழுதும்போது பட்டியல் வாடை வந்துவிடும்.

மன்னிப்பு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். நோய் வந்தது உங்கள் தவறு இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டால், உங்களைத் தேற்றும் வேலை நெறியாளர் தலையில் விழும். “கட்டாயம் திரும்பி வந்து முடிப்பேன்” என்ற வாக்குறுதியும் வேண்டாம். மனக்குறை ஏதாவது இருந்தால் அதற்கும் இது இடமில்லை. நன்றியும் குறையும் ஒரே தாளில் இருந்தால் குறை மட்டும்தான் படிக்கப்படும். பரிந்துரைக் கடிதம் வேண்டுமானால் சில வாரம் கழித்துத் தனியாகக் கேளுங்கள்; இதிலேயே கேட்டால் மேலே எழுதிய நன்றியெல்லாம் அதற்கான முன்பணம் ஆகிவிடும்.

நெறியாளருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியது ஒன்று உண்டு, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். செய்த வேலை எங்கே, எந்த நிலையில் இருக்கிறது? அதை யார் எப்படிப் பயன்படுத்தலாம்? நம் மாதிரிக் கடிதத்தின் நடுப்பத்தி அதற்காகவே.

> நாகர்கோவில்,
> 24.10.2025
>
> மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,
>
> நேரில் சொன்னபடி இம்மாதம் 31ஆம் தேதியோடு ஆய்விலிருந்து விலகுகிறேன். சிகிச்சை நீளும் என்றும் வெயிலில் இனி வேலை செய்யக்கூடாது என்றும் டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். பதிவாளருக்கான கடிதத்தைத் தங்கள் கையெழுத்துக்குத் தனியாக வைத்திருக்கிறேன்.
>
> 16 மாத மாதிரிகள், மொத்தம் 144 குப்பிகள், ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் அலமாரியில் மாத வரிசையில் உள்ளன. 2025 பிப்ரவரி, மார்ச் மாத மாதிரிகள் இல்லை. 2024 டிசம்பர் வரையிலான 108 குப்பிகளைப் பிரித்து எண்ணி, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிவிட்டேன். மீதி 36 இன்னும் ஃபார்மலினில்தான் இருக்கின்றன. மூடியில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன். எண்ணிக்கை அட்டவணை, உப்புத்தன்மை அளவுகள், களக் குறிப்பேடுகள் மூன்று ஆகியவற்றை இத்துடன் உள்ள பட்டியலில் குறித்துள்ளேன். இவற்றை அடுத்து வருகிறவர் பயன்படுத்துவதில் எனக்கு முழுச் சம்மதம். எழுதிக்கொண்டிருந்த கட்டுரையைத் தாங்கள் முடித்து அனுப்பினால், ஆசிரியர் வரிசையைத் தாங்களே முடிவு செய்யலாம். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை எனக்குக் காட்டினால் மகிழ்வேன்.
>
> முதல் நாள் மணக்குடியில் சல்லடையை நான் பிடித்த பிடியில் புழுக்கள் பாதி அறுந்துபோயின. மேலிருந்து தண்ணீர் கொட்டாமல், சல்லடையைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி அசைத்து அலசத் தாங்கள் காட்டிக் கொடுத்தீர்கள். அதன்பின் முழுப் புழு கிடைக்காத மாதம் இல்லை. இரண்டு மாதம் போக முடியாமல் போனபோது, அந்தக் கட்டங்களைச் சராசரி போட்டு நிரப்பிவிடலாமா என்று கேட்டேன். “இல்லாததை இல்லை என்றே எழுது” என்றீர்கள். அட்டவணையில் அந்த இரண்டு வரிசையும் வெறுமையாகவே இருக்கின்றன. இரண்டுக்கும் நன்றி மேடம்.
>
> பாதியில் விட்டுப் போவதற்கு வருந்துகிறேன். குப்பிகள் பற்றியோ குறிப்பேடு பற்றியோ சந்தேகம் வந்தால் எப்போது வேண்டுமானாலும் போனில் கேட்கலாம்.
>
> தங்கள் மாணவி,
> (கையெழுத்து)

நோய்க்கு ஒரே வாக்கியம். அதிலும் பெயர் இல்லை. நெறியாளருக்கு நேரில் சொல்லியிருக்கலாம், அது போதும். இந்தக் கடிதமும் ஒரு நாள் துறைக் கோப்பில் சேரலாம் என்ற நினைப்போடுதான் எழுத வேண்டும். கட்டுரை பற்றிய வரியைப் பலர் கூச்சப்பட்டு எழுதுவதில்லை. எழுதாவிட்டால், இரண்டு வருடம் கழித்துக் கட்டுரை அச்சில் வரும்போது, உங்கள் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு மனத்தாங்கல் வரும். நெறியாளரும் உங்கள் சம்மதம் தெரியாமல் கட்டுரையை அனுப்பத் தயங்குவார்.

கையால் எழுதுவது நல்லது. மூட்டுவலியால் எழுத முடியாதவர் தட்டச்சு செய்து கீழே கையெழுத்து மட்டும் போடலாம்; யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை.

கடிதத்தோடு போகும் பட்டியல்

கடிதத்தில் சொன்ன பட்டியலைத் தனித்தாளில் எழுதுங்கள். பொருள், எண்ணிக்கை, இருக்கும் இடம், நிலை என்று நான்கு நிரல். சாவிகளையும் கடவுச்சொற்களையும் இதில் எழுத வேண்டாம், கையில் கொடுங்கள். அட்டவணைக் கோப்புகளைப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பதோடு, நெறியாளரின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். பென்டிரைவ் தொலையும்.

இதுபோன்ற ஆய்வில் குப்பிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். பென்சிலால் எழுதிய சீட்டு நிற்கும். பேனாவால் எழுதியது ஆல்கஹாலில் கரைந்து, அடுத்த மாணவர் திறக்கும்போது வெள்ளைத்தாளாக இருக்கும். அந்தக் குப்பியை எந்த மாதத்தில் சேர்ப்பது என்று சொல்ல ஆளிருக்காது. உங்களால் உட்கார்ந்து 144 சீட்டையும் பார்க்க முடியாவிட்டால் கூடப் படிக்கும் ஒருவரிடம் கேளுங்கள், இரண்டு மதியம் போதும். இலக்கியமோ வரலாறோ படிப்பவருக்குக் குப்பிக்குப் பதில் நேர்காணல் ஒலிப்பதிவுகள் இருக்கும். பேசியவர் யார், எந்த ஊர், எந்த நாள், வெளியிட அவர் சம்மதித்தாரா என்பது கோப்பின் பெயரிலோ பட்டியலிலோ இருக்க வேண்டும்.

நிலுவையின்மைச் சான்றுக்கு நூலகம், துறை ஆய்வுக்கூடம், விடுதியில் இருந்தவர்களுக்கு விடுதி, கடைசியாகக் கணக்குப் பிரிவு. நூலகத்திலிருந்து தொடங்குங்கள், தேட வேண்டிய புத்தகம் ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். நீங்கள் போக முடியாவிட்டால், வீட்டிலிருந்து ஒருவரை அதிகாரம் கொடுத்து அனுப்பும் ஒரு பக்கக் கடிதம், உங்கள் அடையாள அட்டை நகல், வருகிறவரின் ஆதார் நகல் ஆகியவற்றைக் கொடுத்துவிடுங்கள். இதை ஏற்பார்களா என்று முதல்நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் வரவில்லையென்றால், முத்திரை வாங்கிய நகலின் நாளைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம் போடுங்கள். ரத்து ஆணை கைக்கு வந்ததும் அதன் நகலை நெறியாளருக்கு அனுப்புங்கள். உங்கள் இடத்தைக் காலியென்று காட்டி அடுத்த மாணவரை எடுக்க அவருக்கு அந்த ஆணையின் எண்ணும் நாளும் வேண்டியிருக்கும்.